சம்பள நாளும் மாதச் சாமானும்: ஒரு விளம்பர வாசகத்தைப் படிக்கும் முறை

‘சம்பளம் வந்ததா? மாதச் சாமான் எங்களிடம். ஒவ்வொரு மாதமும் 28 முதல் 2 வரை.’

பாலக்காட்டிலிருந்து வாளையாறு செல்லும் சாலையிலோ, மூணாறு, குமுளி போன்ற மலை ஊர்களின் கடைவீதியிலோ இத்தகைய வாசகம் தாங்கிய பலகை ஒன்றைக் காண்பது அரிதன்று. சில இடங்களில் அது மலையாளத்தில் இருக்கும். சில இடங்களில் தமிழிலும் இருக்கும். ‘சம்பளம்’ என்னும் சொல் இரு மொழிக்கும் பொதுவானது என்பதால், எழுத்து மாறினாலும் பொருள் எவருக்கும் தவறுவதில்லை.

இந்த வாசகத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்போம். இதில் எந்தப் பொருளின் விலையும் இல்லை. எவ்வளவு தள்ளுபடி என்றும் இல்லை. ஒரு நாளும், ஒரு வேலையும் மட்டுமே சொல்லப்பட்டுள்ளன. அந்த நாள் வந்தால் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று மனத்தில் ஒரு முடிச்சைப் போடுவதுதான் இதன் நோக்கம். இவ்வகை வாசகம் எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே பிழைக்கிறது, குடும்பத்தின் கணக்கிலும் கடையின் கணக்கிலும் அது என்ன மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதே இம்மாதப் பாடம்.

விலையை அன்று, நாளை விற்றவர்கள்

இந்த உத்தியை நம் நாட்டில் பெரிய அளவில் கையாண்டது பிக் பஜார் நிறுவனம். 2006ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று ‘சப்ஸே சஸ்தா தின்’, அதாவது ‘எல்லாவற்றிலும் மலிவான நாள்’ என்ற பெயரில் அது ஒரு நாள் விற்பனையை அறிவித்தது. கூட்டம் பெருகியதால் பின்வந்த ஆண்டுகளில் அந்த ஒரு நாள் பல நாள்களாக நீண்டது. 2007இல் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்து, ‘வாரத்தின் மலிவான நாள்’ என்று அதற்கும் பெயர் சூட்டினார்கள். புதன்கிழமை, சனி ஞாயிறு போலக் கூட்டம் சேரும் நாள் அன்று. வெறிச்சோடிக் கிடந்த ஒரு நாளுக்குப் பெயர் கொடுத்ததன் மூலம், அந்த நாளையே கடைக்குப் போகும் நாளாக மாற்ற முயன்றார்கள். அந்த நிறுவனத்தின் அங்காடிகள் 2022இல் கடன் சுமையால் கைமாறிப் போயின. ஆனால் நாளுக்குப் பெயர் சூட்டும் அந்த வழக்கம் சிறு நகரங்களின் சூப்பர் மார்க்கெட்டுகள் வரை பரவி நின்றுவிட்டது.

புதன்கிழமைக்கும் சம்பள நாளுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. புதன்கிழமையன்று கடையில் கூட்டமில்லை. ஆகவே கூட்டத்தை வரவழைக்க விலையைக் குறைப்பதில் பொருளுண்டு. சம்பள நாளிலோ மக்கள் எப்படியும் வாங்கத்தான் போகிறார்கள். அரிசிப் பானை காலியாகி, கையில் பணம் வந்திருக்கும் வேளை அது. அந்த நேரத்தில் கடைக்காரர் விலையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.

இதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், அரசின் உணவு உதவித் தொகை மாதத் தொடக்கத்தில் கிடைக்கும் குடும்பங்களின் கொள்முதலை ஹேஸ்டிங்ஸ், வாஷிங்டன் என்னும் இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். தொகை வந்தவுடன் கொள்முதல் உயர்ந்து, நாள் செல்லச் செல்லக் குறைவதை அவர்கள் கண்டார்கள். அக்குடும்பங்கள் மிகுதியாக வரும் கடைகளில், தேவை உயரும் அதே நாள்களில் விலையும் சிறிதளவு உயர்ந்தே இருந்தது என்பது அவர்களுடைய மற்றொரு முடிவு.

அப்படியாயின் சம்பள நாள் விற்பனையில் குறைவது எது? வாடிக்கையாளர் விலையை மனப்பாடமாக வைத்திருக்கும் சில பொருள்கள்: அரிசி, சர்க்கரை, சமையல் எண்ணெய், பருப்பு. அவற்றின் விலை குறைந்தால் கடையே மலிவு என்ற எண்ணம் உண்டாகிறது. ஷாம்பு, பிஸ்கட், மசாலாப் பொடி, தரை துடைக்கும் திரவம் ஆகியவற்றின் விலை நம் நினைவில் நிற்பதில்லை. அவை பழைய விலையிலேயே இருக்கலாம். வாசகம் நம்மைக் கடைக்கு அழைத்து வருகிறது. நான்கு பொருள்களின் விலை நம்மை நம்பவைக்கிறது. மற்ற நாற்பது பொருள்கள் கடைக்கு லாபம் தருகின்றன. இதில் மோசடி எதுவுமில்லை. வணிகத்தின் இயல்பான கணக்கு இது. அந்தக் கணக்கு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

எவருடைய சம்பள நாள்?

பலகையில் ‘சம்பள நாள்’ என்று ஒருமையில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் சம்பள நாள் ஒன்றன்று.

ஒலவக்கோட்டில் ரயில்வேயின் பாலக்காடு கோட்டத் தலைமை அலுவலகம் உள்ளது. மத்திய அரசு ஊழியர்களுக்கு மாதத்தின் கடைசி வேலைநாளில் சம்பளம் வருவது வழக்கம். மார்ச் மாதச் சம்பளம் மட்டும் இதற்கு விலக்கு. அது ஏப்ரலின் முதல் வேலைநாளில் வழங்கப்படுகிறது. கேரள மாநில அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அடுத்த மாதத்தின் முதல் சில வேலைநாள்களில் சம்பளம் வருகிறது. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலை செய்வோருக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் தேதி மாறும்.

இடுக்கி மலையின் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்தில் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்ளும், ஆயிரமும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் 10ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் தரவேண்டும் என்றது. அதன் இடத்தில் கொண்டுவரப்பட்ட 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம், மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வழங்கப்பட வேண்டும் என்கிறது. ஆகவே தோட்டத் தொழிலாளியின் சம்பள நாள் மாதக் கடைசியில் இல்லை; அடுத்த மாதத்தின் முதல் வாரம் முடியும்வரை தள்ளிப்போகக்கூடும். போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்கு வந்து திரும்பும் தொழிலாளர்கள் பலருக்கோ வாரக் கூலி. அவர்களுக்கு மாதம் என்பதே கணக்கில் இல்லை.

இப்போது ‘28 முதல் 2 வரை’ என்னும் அந்தப் பலகையைத் தேவிகுளம் வட்டத்தின் ஒரு தோட்ட ஊரில் கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்போம். அங்கு அந்த நாள்கள், சென்ற மாதச் சம்பளம் தீர்ந்து, பெட்டிக்கடைப் பற்று நோட்டில் வரிகள் கூடிக்கொண்டிருக்கும் நாள்கள். ஒலவக்கோட்டு ரயில்வே ஊழியருக்கு ‘வாங்கு’ என்று சொல்லும் அதே வாசகம், தோட்டத் தொழிலாளிக்குக் ‘கடன் வாங்கியாவது வாங்கு’ என்று சொல்கிறது. பலகை எழுதியவருக்கு அந்த நோக்கம் இல்லாமல் இருக்கலாம். வேறோர் ஊரில் தயாரித்த வாசகத்தை அப்படியே எடுத்துவந்து இங்கே ஒட்டியதன் விளைவு அது.

ஒரு குடும்பத்தின் பட்டியல்

இதனைக் கணக்கிட்டே பார்ப்போம். பின்வரும் தொகைகள் விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்டவை.

ஒரு குடும்பத்தின் மாதச் சாமான் பட்டியல் ரூ.1,680 என்று கொள்வோம். விற்பனை நாள்களில் அரிசி கிலோவுக்கு ரூ.3 குறைவு, பத்துக் கிலோவுக்கு ரூ.30 மிச்சம். எண்ணெய் லிட்டருக்கு ரூ.10 குறைவு, இரண்டு லிட்டருக்கு ரூ.20 மிச்சம். ஆக மொத்தம் ரூ.50 மிச்சமாகிறது. பட்டியலை மாற்றாமல் வாங்கி வந்தால் இந்த ஐம்பது ரூபாய் உண்மையான லாபம்.

அடுத்து, பலகையின் கீழ்வரி ஒன்று இருக்கும்: ‘ரூ.2,000க்கோ அதற்கு மேலோ வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை ரூ.9 மட்டுமே.’ சர்க்கரையின் வழக்கமான விலை ரூ.45 எனில், இதில் மிச்சம் ரூ.36. ஆனால் தொகை இரண்டாயிரத்தைத் தொட இன்னும் ரூ.320க்கு வாங்க வேண்டும் (சலுகைக்கு முந்தைய விலையையே கடை கணக்கில் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்). கூடையில் ரூ.140க்குக் குளியல் சோப்பும், ரூ.180க்குத் தின்பண்டங்களும் ஏறுகின்றன. சோப்பு அடுத்த மாதம் எப்படியும் வாங்க வேண்டியதே. அது நட்டமன்று, முன்கூட்டிய செலவு. தின்பண்டமோ பட்டியலில் இல்லாதது. முப்பத்தாறு ரூபாய் மிச்சப்படுத்த நூற்றெண்பது ரூபாய் செலவாகியிருக்கிறது. பட்டியலில் இல்லாத பொருளைத் தனியே வரைந்து கூட்டினால்தான் இது கண்ணுக்குத் தெரியும். ரசீதின் அடியில் ‘இன்று நீங்கள் சேமித்தது ரூ.86’ என்று அச்சாகியிருக்கும். செலவான நூற்றெண்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது.

இனித் தோட்டத் தொழிலாளியின் வீட்டிற்கு வருவோம். அவருக்கும் அதே ரூ.1,680 பட்டியல். சூப்பர் மார்க்கெட்டில் பற்று கிடையாது, ரொக்கம் வேண்டும். சம்பளம் வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் கைமாற்று வாங்கினால், பத்து நாளில் திருப்பிக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஒரு மாத வட்டி போய்விடும். ரூ.1,680க்கு அது ஏறத்தாழ ரூ.50. அரிசியிலும் எண்ணெயிலும் கிடைத்த மிச்சம் முழுவதும் வட்டிக்குச் சரியாகிவிட்டது. மாதத் தொடக்கத்தில் தானாகப் பிடித்தம் செய்யப்படும் கடன் தவணை ஒன்றும் இருந்து, கணக்கிலிருந்த சிறு தொகையையும் இந்தக் கொள்முதலுக்காக எடுத்துவிட்டால், நிலைமை இன்னும் மோசமாகும். தவணை திரும்பினால் வங்கி ஒரு கட்டணமும் கடன் கொடுத்த நிறுவனம் ஒரு கட்டணமும் விதிக்கும். அந்தக் கட்டணங்களுக்கு முன்னால் ஐம்பது ரூபாய் சலுகை ஒன்றுமில்லை.

ஆகவே குடும்பத்திற்கு நாம் சொல்லக்கூடிய முதல் வழி இதுவே: சம்பளம் வந்த செய்தி கைபேசியில் வந்தவுடன் முதலில் தவணைத் தொகையை ஒதுக்குவது, பட்டியலை வீட்டிலேயே எழுதிக்கொண்டு அதன்பின் கடைக்குச் செல்வது. தவணைத் தேதி சம்பளத் தேதிக்கு முன்னால் விழுகிறது எனில், அதனைப் பின்னுக்கு மாற்றித் தர இயலுமா என்று கடன் கொடுத்தவரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பார்க்கலாம். எல்லாக் கடன்களிலும் இது இயலாது. ஆயினும் கேட்காமலே ஒவ்வொரு மாதமும் கட்டணம் செலுத்துவோர் உண்டு.

கடைக்காரரின் நோட்டு

நம் வாசகர்களில் சிறு வணிகர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விற்பனையின் மறுபக்கம் தெரிய வேண்டும். ஒரு நடுத்தரக் கடையின் வார விற்பனை, அறிவிப்புக்கு முன்பு ரூ.3 லட்சம், 2.2 லட்சம், 1.8 லட்சம், 1.5 லட்சம் என்று இருந்தது. மாத மொத்தம் ரூ.8.5 லட்சம். சம்பள நாள் விற்பனை தொடங்கிச் சில மாதங்களுக்குப் பின் அது 4.1 லட்சம், 2.1 லட்சம், 1.5 லட்சம், 1.1 லட்சம் என்று ஆகியது, மொத்தம் ரூ.8.8 லட்சம். இவையும் விளக்கத்திற்கான எண்களே.

முதல் வாரத்தை மட்டும் பார்ப்பவர் ரூ.1.1 லட்சம் உயர்ந்தது என்று மகிழ்வார். ஆனால் மற்ற மூன்று வாரங்களும் சேர்ந்து ரூ.80,000 இழந்திருக்கின்றன. உண்மையான உயர்வு ரூ.30,000 மட்டுமே. அதில் லாபம் நூற்றுக்கு 12 எனில் ரூ.3,600. விற்பனை வாரத்தில் கொடுத்த சலுகை சராசரியாக நூற்றுக்கு 4 எனில், ரூ.4.1 லட்சத்தின் மீது அது ரூ.16,400. ஆகவே மாதம் ரூ.12,800 நட்டம். முன்பே வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர், அதே பொருளை, ஒரு வாரம் தள்ளிக் குறைந்த விலையில் வாங்கிப் போயிருக்கிறார்.

இது வழக்கமாக வேரூன்றிவிட்டதா, சலுகைக்காக மட்டும் வரும் கூட்டமா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு மாதம் அதே பலகையை வைத்து, சலுகையை மட்டும் பாதியாக்கிப் பார்க்க வேண்டும். அதே குடும்பங்கள் அதே நாள்களில் வந்தால், நாள் வழக்கமாகிவிட்டது. அவர்கள் வரவில்லை எனில், கடை விலைக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஒப்பிடும்போது மார்ச் மாதத்தை விலக்கிவிடுவது நல்லது. அந்த மாதம் மத்திய அரசுச் சம்பளம் ஏப்ரலுக்குத் தள்ளிப்போவதால் கணக்கு பிழையாகும்.

பெரிய கடையின் இந்த வழக்கத்தால் மிகுதியாகப் பாதிக்கப்படுவது தெருமுனை மளிகைக் கடை. மாதத்தின் மூன்றாம், நான்காம் வாரங்களில் பற்று கொடுத்துக் குடும்பத்தைத் தாங்குவது அதுதான். பணம் வந்தவுடன் அந்தப் பற்று தீர்க்கப்பட்டு, புதுச் சாமானும் அங்கேயே வாங்கப்படும் என்பது பழைய நடைமுறை. இப்போது ரொக்கம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறது. பற்று மட்டும் மளிகைக் கடையில் நிற்கிறது. மொத்த வியாபாரிக்கு ஏழாம் தேதி கொடுக்க வேண்டிய பணம் அவரிடம் இல்லாமல் போகும். இதே நிலை சில மாதங்கள் நீடித்தால் அவர் பற்று கொடுப்பதை நிறுத்துவார். அப்போது மாதக் கடைசியில் அந்தக் குடும்பத்திற்குக் கைகொடுக்க எவருமில்லை. ஐம்பது ரூபாய் சலுகையை எடைபோடும்போது இந்த இழப்பையும் தட்டில் வைக்க வேண்டும். பற்றுக் கடைக்குச் சேர வேண்டியதை முதலில் தீர்த்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு மலிவான இடத்தில் வாங்குவது குடும்பத்திற்கும் நல்லது. அந்தக் கடையும் நிலைத்திருக்கும்.

வாசகத்தைத் திருத்தி எழுதுதல்

முதலில் கண்ட வாசகத்தை ஒரு தோட்ட ஊருக்கு ஏற்றவாறு இப்போது மாற்றி எழுதிப் பார்ப்போம்.

‘மாதச் சாமான் விலை: 8 முதல் 14ஆம் தேதி வரை. அரிசி கிலோவுக்கு ரூ.3, எண்ணெய் லிட்டருக்கு ரூ.10 குறைவு. எவ்வளவு வாங்கினாலும் இதே விலை.’

இங்கே மூன்று மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. தேதி, அந்த ஊரில் பணம் வரும் நாளுக்குப் பின் வைக்கப்பட்டுள்ளது. குறைவு எந்தப் பொருளில், எவ்வளவு என்பது சொல்லப்பட்டுள்ளது. பட்டியலை வீங்கச் செய்யும் இரண்டாயிரம் ரூபாய் வரம்பு நீக்கப்பட்டுள்ளது. விற்பனை ஒரு வாரம் நீள்வதால், தவணையையும் பற்றையும் தீர்த்துவிட்டு வருவதற்கும் இடமிருக்கிறது. முதல் மாதத்தில் இதன் கூட்டம் சற்றுக் குறைவாகவே இருக்கலாம். ஆனால் வருகிறவர் கடன்படாமல் வருகிறார். அடுத்த மாதமும் வரக்கூடியவர் அவரே.

நிபந்தனைகளைப் பற்றியும் ஒரு சொல். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்காக 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரத்தின் வாக்குறுதி எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில்தான் அதன் நிபந்தனையும் இருக்க வேண்டும். மலையாளத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் அழைத்துவிட்டு, நிபந்தனையை மட்டும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒதுக்குவது இரு மொழி எல்லைப் பகுதியில் எளிதில் நிகழும் பிழை. போதிய சரக்கு இல்லாமலே குறைந்த விலை காட்டி அழைப்பதையும் அந்நெறிகள் அனுமதிப்பதில்லை. இவை குறித்த புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பயிற்சி

கடந்த மூன்று மாதங்களின் கணக்குப் புத்தகத்தையும் கடை ரசீதுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளவும். ஒரு தாளில் நான்கு தேதிகளைக் குறிக்கவும்: சம்பளம் வரவான நாள், தவணை பிடித்தமான நாள், மாதச் சாமான் வாங்கிய நாள், பற்றைத் தீர்த்த நாள். சாமான் வாங்கிய நாள் மற்ற மூன்றுக்கும் முன்னால் நிற்கிறதா என்று பார்க்கவும். அவ்வாறு நின்றால், அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது வீட்டுத் தேவையா, சாலையோரப் பலகையா என்பதைக் குடும்பத்தோடு அமர்ந்து பேசவும். ஒவ்வொரு ரசீதிலும் பட்டியலில் இல்லாத பொருள்களை மட்டும் கோடிட்டுக் கூட்டி, அடியில் அச்சாகியுள்ள ‘சேமிப்பு’த் தொகைக்கு அருகில் எழுதவும். இரண்டு தொகைகளையும் அருகருகே பார்த்த பின்னர், அடுத்த மாதச் சாமான் வாங்கும் தேதியை நீங்களே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம்.